பத்து நாள் பொறுக்கலாமா? ஆறு வயசு பையனோட வயித்துக் கட்டி பத்தி ஒரு அம்மாவுக்கு பதில்

"டாக்டர், என் பையனுக்கு ஆறு வயசு. நாங்க திருவாரூர் பக்கம் ஒரு கிராமம். மூணு வாரத்துக்கு முன்னாடி சாப்பிட்டா வயிறு வலிக்குதுன்னான், பூச்சி மருந்து கொடுத்தோம். பத்தே நாள்ல வயிறு பானை மாதிரி உப்பிடுச்சு, டவுசர் பட்டன் போட முடியல. முதல்ல வயித்து டிபின்னு சந்தேகப்பட்டாங்க. அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில ஸ்கேன் பண்ணி, சிறுகுடலும் பெருங்குடலும் சேர்ற இடத்துல 11 செ.மீ. கட்டி, வயித்துல தண்ணி கோத்திருக்குன்னாங்க. அந்த தண்ணிய எடுத்து டெஸ்ட் பண்ணதுல பர்கிட் லிம்போமா, ஸ்டேஜ் 3. எலும்பு மஜ்ஜையிலயும் முதுகுத் தண்ணியிலயும் இல்லையாம். எல்.டி.எச். 1,800. நாளைக்கே கீமோ ஆரம்பிக்கணும்ங்கறாங்க. வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல இருக்கார், வர பத்து நாள் ஆகும், நான் வர்ற வரைக்கும் கையெழுத்து போடாதேங்கறார். மாமியார் கீமோவ பிள்ளை தாங்காது, நாட்டு மருந்து பார்ப்போம்ங்கறாங்க. ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா போதாதா? நெட்ல பார்த்தா இது ஆப்பிரிக்காவுல தாடையில வர்ற வியாதின்னு போட்டிருக்கு, ரிப்போர்ட்டே தப்பா இருக்குமோ? ஸ்டேஜ் 3ன்னா பொழைப்பானா? நான் என்ன பண்றது?"

சகோதரி, உங்க கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம். கையெழுத்து போடுங்க. நாளைக்கே ஆரம்பிக்கட்டும். அம்மா கையெழுத்து போதும், அப்பா நேர்ல வந்து நின்னாதான் ஆச்சுன்னு எந்த ஆஸ்பத்திரியும் சொல்லாது. அவருக்கு மனசு ஆறணும்னா இன்னைக்கு சாயங்காலமே வீடியோ கால் போட்டு டாக்டர்கிட்ட நேரா பேச விடுங்க, கேக்க வேண்டியதெல்லாம் அவரே கேக்கட்டும், கடல் தாண்டி இருக்கற அப்பாவுக்கு அந்த அரை மணி நேரம் ரொம்ப முக்கியம். ஆனா அவர் ஃபிளைட் ஏறி வர்ற வரைக்கும் மருந்த நிறுத்தி வைக்க வேண்டாம்.

நான் குழந்தைங்க கேன்சர் பாக்கற டாக்டர். இப்படி அவசரப்பட சொல்றது எனக்கு வழக்கமில்ல. நிறைய கேன்சர்ல நானே வீட்டுக்காரங்ககிட்ட சொல்வேன், ஒரு வாரம் எடுத்துக்கோங்க, இன்னொரு டாக்டர பாத்துட்டு வாங்க, ஒண்ணும் ஆகிடாதுன்னு. பர்கிட்ல மட்டும் அப்படி சொல்ல முடியாது. ஏன்னு விளக்கமா சொல்றேன், உங்க மாமியாருக்கும் படிச்சுக் காட்டுங்க.

பத்து நாள்ங்கறது இந்த கட்டிக்கு எவ்வளவு

நம்ம உடம்புல பி செல்னு ஒரு வகை வெள்ளை அணு இருக்கு, கிருமிய எதிர்க்கற ஆன்டிபாடி தயாரிக்கறதுக்காக உள்ளது. அந்த செல்லுக்குள்ள எட்டாவது குரோமோசோமோட ஒரு துண்டு உடைஞ்சு பதினாலாவது குரோமோசோம்ல போய் ஒட்டிக்குது, பெரும்பாலான பர்கிட்ல நடக்கறது இதுதான். அந்த துண்டுல மிக்னு ஒரு ஜீன் இருக்கு. செல்ல "பிரி, பிரி"ன்னு விரட்டற ஜீன் அது, சாதாரணமா தேவைப்பட்டப்ப மட்டும் வேலை செஞ்சுட்டு அடங்கிடும். இடம் மாறி போய் உக்காந்ததும் அத அணைக்கற சுவிட்ச் இல்லாம போயிடுது. அதனால கட்டியில இருக்கற கிட்டத்தட்ட எல்லா செல்லும் ஒரே நேரத்துல பிரிஞ்சுக்கிட்டு இருக்கும். உங்க ரிப்போர்ட்ல கி-67ன்னு ஒரு வரி இருந்தா பாருங்க, 95க்கு மேல, இல்லன்னா 100 சதவீதம்னு போட்டிருக்கும். நூத்துக்கு நூறு செல்லும் பெருகற வேலையில இருக்குன்னு அர்த்தம்.

இந்த செல்லுங்க ரெட்டிப்பாக ஒண்ணு ரெண்டு நாள் போதும்னு புத்தகத்துல இருக்கும். நிஜத்துல கட்டி அந்த வேகத்துல அப்படியே வளராது, ஏன்னா இவ்வளவு அவசரமா பிரியறப்ப நிறைய செல் செத்தும் போகும், செத்தத தின்னு சுத்தம் பண்ண பெரிய செல்லுங்க உள்ள வரும். மைக்ராஸ்கோப்ல பாத்தா இருட்டு வானத்துல நட்சத்திரம் தெளிச்ச மாதிரி இருக்கும், அந்த வெளிச்ச புள்ளிங்கதான் இந்த துப்புரவு செல்லுங்க. சாவு போக மிச்சம்தான் வளர்ச்சி, ஆனா அந்த மிச்சமே பயங்கரம். கட்டியோட கனம் ஒரு தடவை ரெட்டிப்பானா 11 செ.மீ. 14 செ.மீ. ஆகும். இன்னொரு தடவை ஆனா 17ஐ தாண்டும். ஆறு வயசு பையன் வயித்துல அதுக்கு இடமே கிடையாது. போன மாசம் போட்டுட்டு இருந்த டவுசர் பட்டன் பத்து நாள்ல போட முடியாம போச்சுன்னு எழுதியிருக்கீங்களே, நான் இவ்வளவு நேரம் சொன்னத நீங்க உங்க கையாலயே அளந்து பாத்துட்டீங்க.

பத்து நாள் சும்மா இருந்தா நடக்கக்கூடியது என்னன்னா, கட்டி சிறுநீர் குழாய நசுக்கி கிட்னி வீங்கலாம், குடல் அடைச்சு வாந்தி நிக்காம போகலாம், கட்டிய பிடிச்சு இழுத்துக்கிட்டு குடல் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகிக்கலாம், இப்ப சுத்தமா இருக்கற எலும்பு மஜ்ஜைக்கும் முதுகுத் தண்ணிக்கும் பரவலாம். பரவிட்டா இதே பையனுக்கு இதவிட ரொம்ப கடுமையான சிகிச்சை தேவைப்படும், குணமாகற வாய்ப்பும் இறங்கும். இன்னைக்கு இருக்கற ரிப்போர்ட் நல்ல ரிப்போர்ட், அத நல்ல ரிப்போர்ட்டாவே வச்சு ஆரம்பிக்கணும்னுதான் அந்த டாக்டர் துடிக்கறார்.

வேகமா வளர்றதுலயே ஒரு நல்லதும் இருக்கு. கீமோ மருந்து பெரும்பாலும் பிரிஞ்சுக்கிட்டு இருக்கற செல்லத்தான் கொல்லும், தூங்கற செல்ல அவ்வளவா தொடாது. மெதுவா வளர்ற சில லிம்போமா பெரியவங்களுக்கு வரும், வருஷக்கணக்கா கட்டுப்பாட்டுல வச்சிருக்கலாம் ஆனா அடியோட ஒழிக்கறது கஷ்டம், ஏன்னா பாதி செல் தூங்கிட்டு இருக்கும். பர்கிட்ல தூங்கற செல்லே இல்ல, அதனாலதான் மருந்துக்கு முன்னாடி இது இப்படி கரையுது.

ஆப்பிரிக்காவும் தாடையும், உங்க பையன் ரிப்போர்ட்டும்

ரிப்போர்ட் தப்பா இருக்குமோன்னு நீங்க நினைச்சது நியாயமான சந்தேகம்தான். இந்த நோய்க்கு பேர் கொடுத்த டெனிஸ் பர்கிட் அயர்லாந்துக்காரர், உகாண்டாவுல கம்பாலா முலாகோ ஆஸ்பத்திரியில சர்ஜனா இருந்தவர். 1957ல ஒரு சின்னப் பையன பாக்க கூப்பிட்டாங்க, மேல் தாடை கீழ் தாடை ரெண்டு பக்கமும், நாலு மூலையிலயும் வீக்கம், பல்லெல்லாம் ஆடுது. கொஞ்ச நாள் கழிச்சு ஜின்ஜான்னு வேற ஊர்ல இன்னொரு குழந்தைய பாத்தார், அதே முகம், தொட்டுப் பாத்தா வயித்துலயும் கட்டி. அதுக்கப்புறம் ரெக்கார்டுகள தோண்டி எடுத்து, வேற வேற பேர்ல எழுதி வச்சிருந்ததெல்லாம் ஒரே நோய்னு கண்டுபிடிச்சு 1958ல எழுதினார். மலேரியா எப்பவும் இருக்கற ஆப்பிரிக்க ஊர்கள்ல இது அதிகம், அங்க வர்ற கட்டியில எப்ஸ்டீன்-பார் வைரஸ் கிட்டத்தட்ட எப்பவும் இருக்கும். அந்த வைரஸையே 1964ல இந்த கட்டியில இருந்துதான் முதல்ல பாத்தாங்க.

ஆனா ரெண்டாவது குழந்தைய பாருங்க, தாடையோட வயித்துலயும் கட்டி. மலேரியா அந்த அளவு இல்லாத ஊர்கள்ல இதே நோய் பெரும்பாலும் வயித்துலதான் ஆரம்பிக்கும், அதுவும் சிறுகுடல் முடியற அந்த மூலையில, ஏன்னா அங்க பி செல்லுங்க கூட்டமா இருக்கற நிணநீர் திசு நிறைய இருக்கு. நம்ம ஊர்ல நாங்க பாக்கறது பெரும்பாலும் இதுதான். அதனால இடம் சரியாதான் இருக்கு. வைரஸ் நம்ம ஊர்ல கிட்டத்தட்ட எல்லார் உடம்புலயும் சின்ன வயசுலயே வந்து தங்கிடறதுதான், உங்க பையன்கிட்ட இருந்து அவன் தங்கச்சிக்கோ பக்கத்து வீட்டு பிள்ளைக்கோ இந்த கேன்சர் தொத்தாது, தட்டு டம்ளர் தனியா வைக்க வேண்டாம்.

தாடையில வர்றது நம்ம ஊர்லயும் அப்பப்ப வரும், அது தப்பிப் போறது இன்னும் சுலபம், அதனால ஒரு குழந்தைய பத்தி சொல்றேன், அடையாளம் தெரியாம சில விவரம் மாத்தியிருக்கேன். ஏழு வயசு பொண்ணு, கீழ் தாடை ஒரு பக்கம் வீக்கம், கடைவாய் பல் ஆடுது. சொத்தைப் பல்லு, சீழ் கோத்திருக்குன்னு ஒரு வாரம் ஆன்டிபயாடிக், அப்புறம் இன்னொரு வாரம் வேற ஆன்டிபயாடிக், மூணாவது வாரம் பல்ல பிடுங்கிட்டாங்க. பிடுங்கின குழி ஆறவே இல்ல, அதுக்குள்ள இருந்து சதை வளர்ந்து வெளிய வந்துச்சு. அந்த குழந்தைக்கு காய்ச்சல் இல்ல, சீழ் வரல, அவ்வளவு வீக்கத்துக்கு வலியும் கம்மி, கீழ் உதடு மரத்துப் போச்சுன்னு சொன்னா. சொத்தையே இல்லாத பல்லு ஆடறதும், பக்கத்து பக்கத்து பல்லு சேர்ந்து ஆடறதும், உதடு மரத்துப் போறதும் பல்லு பிரச்சனை இல்ல, எலும்புக்குள்ள ஏதோ வளருதுன்னு அர்த்தம். ஒரு ஆன்டிபயாடிக் கோர்ஸ்ல அடங்காம அளவு ஏறிக்கிட்டே போற தாடை வீக்கத்துக்கு ரெண்டாவது கோர்ஸ் எழுதாம படம் எடுத்து துணுக்கு எடுத்து அனுப்பணும். வயித்துலயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. குடல் சொருகிக்கறது ஒரு வயசுக்கு முன்ன பின்ன இருக்கற குழந்தைக்கு தானாவே வரும், அஞ்சாறு வயசுல வந்தா உள்ள என்ன இருக்குன்னு தேடணும்.

உங்களுக்கு முதல்ல டிபின்னு சொன்னவங்க மேல கோவப்படாதீங்க. வயித்துல தண்ணி, நெறிகட்டி, பசியில்லாம போறது, ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனா டிபி மாசக்கணக்குல மெதுவா வரும், பத்து நாள்ல பானை ஆகாது.

ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா போதாதா

எங்க ஓபிடியில இந்த கேள்வி வராத நாளே இல்ல, கட்டின்னா வெட்டி எடுக்கணும்னு தோணறது இயற்கை. பர்கிட்டே சர்ஜன்தான், அவருக்கும் அந்த தாடைகள வெட்டினா குழந்தைய காப்பாத்த முடியலன்னு சீக்கிரமே தெரிஞ்சு போச்சு. அப்புறம் 1960கள்ல அவரும் கூட இருந்தவங்களும் கிடைச்ச மருந்துகள, சைக்ளோபாஸ்பமைடு, மெத்தோட்ரெக்சேட், சில டோஸ்தான் கொடுத்தாங்க. கட்டி கண்ணு முன்னாடி கரைஞ்சுச்சு, நிறைய குழந்தைக்கு திரும்ப வந்துச்சு, ஆனா சில குழந்தைங்க அந்த கொஞ்ச மருந்துலயே குணமாகி வளர்ந்தாங்க. மருந்தாலயே குணமாக்கலாம்னு முதல்ல தெரிஞ்ச கேன்சர்கள்ல இது ஒண்ணு.

குடலோட ஒரு சின்ன துண்டுல மட்டும் கட்டி இருந்து, அப்பெண்டிக்ஸ்னு நினைச்சு திறந்தப்ப முழுசா வந்துடுச்சுன்னா அது லாபம்தான், அந்த குழந்தைக்கு ரெண்டே ரெண்டு கோர்ஸ் போதும். ஆனா 11 செ.மீ., கூட தண்ணியும் இருக்குன்னா செல்லுங்க வயிறு முழுக்க தெளிச்சிருக்கு, அத கத்தியால எடுக்க முடியாது. எடுக்கப் போனா குடல வெட்டி ஒட்டணும், புண் ஆறற வரைக்கும் கீமோ ஆரம்பிக்க முடியாது, அந்த ரெண்டு வாரத்துல விட்டு வச்ச செல்லு மறுபடி வயித்த நிரப்பிடும். ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சு, ஆனா வந்து சேரும்போது வயிறு பழையபடின்னு வர்ற குழந்தைங்கள பாத்திருக்கேன், ரொம்ப மனசு கஷ்டப்படும். குடல் அடைப்பு, ஓட்டை, சொருகல், இதுக்கு மட்டும்தான் சர்ஜன் வேணும்.

உங்க டாக்டருங்க வயித்த திறக்காம தண்ணியிலயே நோய கண்டுபிடிச்சது உங்க பையனுக்கு பெரிய உதவி. தண்ணி எடுத்ததால பரவிடுமோன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அந்த தண்ணியே கட்டியில இருந்து வந்ததுதான்.

முதல் வாரம்

இந்த சிகிச்சையில எனக்கு தூக்கம் வராத வாரம் இதுதான். பெரிய கீமோவ எடுத்ததும் கொடுக்க மாட்டாங்க. சின்ன டோஸ்ல சைக்ளோபாஸ்பமைடு, வின்கிரிஸ்டின், ஏழு நாள் ஸ்டீராய்டு, முதுகுத் தண்டுல ஒரு ஊசி, இத காப்னு சொல்வாங்க. சின்ன டோஸ்தான், ஆனா இந்த கட்டிக்கு அதுவே போதும், ரெண்டு மூணு நாள்ல வயிறு தளர ஆரம்பிக்கும்.

அங்கதான் ஆபத்தும் இருக்கு. கோடிக்கணக்கான செல்லு ஒரே நேரத்துல உடைஞ்சா உள்ள இருக்கற பொட்டாசியம், பாஸ்பேட், யூரிக் அமிலம் எல்லாம் ரத்தத்துல கொட்டும். யூரிக் அமிலம் கிட்னியில உப்பு மாதிரி படிஞ்சு அடைக்கும், பாஸ்பேட் கால்சியத்த இழுத்துக்கிட்டு போறதால வலிப்பு வரலாம், பொட்டாசியம் ஏறினா இதயம் நிக்கலாம். இதுக்கு டியூமர் லைசிஸ்னு பேர். எல்.டி.எச்.ங்கறது செல்லு உடையும்போது ரத்தத்துல ஏறற ஒரு என்சைம், உங்க பையனுக்கு அது 1,800ன்னு வந்தது செல்லு இப்பவே உடைஞ்சுக்கிட்டு இருக்குன்னுதான் காட்டுது, ஆக மருந்து கொடுக்கலன்னாலும் இது தானா வரலாம்.

இதுக்கு தடுப்பு இருக்கு, தெரிஞ்ச கையில கொடுத்தா நல்லா வேலை செய்யும். கீமோவுக்கு முன்னாடியே டிரிப்ஸ் ஓட ஆரம்பிக்கும், சாதாரணமா இந்த வயசு பிள்ளைக்கு தேவையான அளவ போல ரெண்டு மடங்கு, அதுல பொட்டாசியம் சேர்க்க மாட்டாங்க. யூரிக் அமிலத்துக்கு அலோபுரினால் மாத்திரை, இல்லன்னா ராஸ்புரிகேஸ்னு ஊசி. அந்த ஊசிக்கு முன்னாடி ஜி6பிடின்னு ஒரு ரத்த டெஸ்ட் பாத்தாங்களான்னு கேளுங்க, அந்த என்சைம் குறைவா இருக்கற குழந்தைக்கு அது ஆகாது. ஆறு மணி நேரத்துக்கு, எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுப்பாங்க, பிள்ளைய குத்திக்கிட்டே இருக்காங்களேன்னு மனசு பதறும், ஆனா பொட்டாசியம் ஏறுறது வெளிய எதுவும் தெரியாது, ரத்தத்துலதான் தெரியும். ஒண்ணுக்கு எவ்வளவு போனான்னு அளந்து எழுதறது உங்க வேலை, ஒரு தடவைகூட விடாதீங்க, திடீர்னு குறைஞ்சா நர்ஸ உடனே கூப்பிடுங்க. சில குழந்தைக்கு ரெண்டு மூணு நாள் டயாலிசிஸ் தேவைப்படும், கிட்னி போயிடுச்சுன்னு பயந்துடாதீங்க, பெரும்பாலும் திரும்பிடும்.

இதுல ஒண்ண பாட்டிகிட்ட கண்டிப்பா சொல்லணும். உடம்பு சூடு, கீமோ சூடுன்னு எல்லா வீட்டுலயும் இளநீர் வாங்கிட்டு வருவாங்க, வாழைப்பழம், ஆரஞ்சு ஜூஸ் கொடுப்பாங்க. இந்த முதல் வாரம் வேண்டாம். இளநீர்ல பொட்டாசியம் நிறைய, டிரிப்ஸ்ல இருந்துகூட எடுத்துட்ட அதே உப்ப நம்ம வாய் வழியா கொடுத்த மாதிரி ஆகிடும். கஞ்சி, இட்லி, மோர் எது எப்போன்னு வார்டுல கேட்டுட்டு கொடுங்க, அந்த வாரம் தாண்டினதும் இளநீருக்கு தடை இருக்காது.

வழியில எந்த கிளினிக்லயாவது "வீக்கம் குறையட்டும்"னு ஸ்டீராய்டு ஊசி போட வந்தா வேண்டாம்னு சொல்லுங்க. அந்த ஒரு ஊசிக்கே இந்த கட்டி உடைய ஆரம்பிக்கும், ரத்தம் பாக்க ஆளில்லாத இடத்துல அது நடக்கக்கூடாது.

நாட்டு மருந்து, கீமோ தாங்குமாங்கற பயம்

உங்க மாமியார் சொல்றது பாசத்துல, யாரோ தெரிஞ்சவங்க கீமோவுல கஷ்டப்பட்டத பாத்திருப்பாங்க. அவங்ககிட்ட இப்படி சொல்லிப் பாருங்க: பெரியவங்க உடம்ப விட குழந்தை உடம்பு கீமோவ நல்லா தாங்கும், கிட்னி, இதயம், எலும்பு மஜ்ஜை எல்லாம் புதுசு, அடிபட்டாலும் மீண்டு வரும். அதனாலதான் அறுபது வயசுக்காரருக்கு கொடுக்க யோசிக்கற டோஸ ஆறு வயசு பையனுக்கு கொடுக்கறோம்.

சிகிச்சை மொத்தமா சுமார் நாலு மாசம். முதல் ஏழு நாளுக்கு அப்புறம் நாலு கோர்ஸ், மூணு வாரத்துக்கு ஒண்ணு. ரேடியேஷன் கிடையாது. பிரான்ஸ்ல உருவான எல்.எம்.பி.ங்கற முறை இது, உலகம் முழுக்க இதையோ இது மாதிரி ஒண்ணையோதான் கொடுக்கறாங்க. கஷ்டமே இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு கோர்ஸுக்கு அப்புறமும் ஒரு வாரத்துல வெள்ளை அணு கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கும், வாய் முழுக்க புண் வரும், எச்சில் முழுங்க முடியாம அழுவான், சில நாள் மூக்குல டியூப் போட்டு பால் கொடுக்க வேண்டி வரும், முடி கொட்டும். நம்ம ஊர்ல இந்த நோயில இழக்கற குழந்தைங்கள்ல நிறைய பேர இழக்கறது கேன்சரால இல்ல, இந்த நாட்கள்ல வர்ற காய்ச்சலால. அதனால இத மட்டும் மனசுல எழுதி வச்சுக்கோங்க: 100.4 டிகிரி காய்ச்சல் வந்தா அது நடுராத்திரியா இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி, ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாடிக் நரம்புல ஏறணும். பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும்னு பாக்கக்கூடாது. உங்க ஊர்ல இருந்து ஆஸ்பத்திரி தூரம்னா நாலு மாசத்துக்கு பக்கத்துலயே ஒரு ரூம் பாருங்க, நிறைய ஆஸ்பத்திரியில தங்க இடம் ஏற்பாடு பண்ணித் தருவாங்க, சமூக சேவகர்கிட்ட கேளுங்க.

நாட்டு மருந்து இதுக்கு பதிலா வேண்டாம், கூடவும் வேண்டாம். கோர்ஸ்ல மெத்தோட்ரெக்சேட்னு ஒரு மருந்து ரொம்ப அதிக டோஸ்ல போகும், அது மூளைக்கும் முதுகுத் தண்ணிக்கும் போய் சேரணும்னுதான் அவ்வளவு. மறுநாள்ல இருந்து லியூகோவோரின்னு மாத்து மருந்து கொடுத்து, ரத்தத்துல அளவு பாத்து, கிட்னி வழியா முழுசா வெளிய போயிடுச்சுன்னு உறுதி பண்ணுவோம். அந்த நேரம் கிட்னிய தொடற எது உள்ள போனாலும் மெத்தோட்ரெக்சேட் உடம்புலயே தங்கிடும், வாய்ப்புண்ணும் குடல் புண்ணும் உயிரையே எடுக்கற அளவு போகும். கடையில வாங்கற வலி மாத்திரைகூட ஆகாது, இவ்வளவு ஏன், நாங்க எழுதற சில மாத்திரையவே அந்த நாட்கள்ல நிறுத்திடுவோம். சூரணமோ கஷாயமோ ஏற்கெனவே கொடுத்திருந்தீங்கன்னா மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, திட்டினாலும் பரவால்ல.

இன்னொண்ணு, ரெண்டு கோர்ஸ் முடிஞ்சதும் வயிறு தட்டையாகி பையன் ஓடி விளையாடுவான். அப்பதான் வீட்டுல "சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு"ன்னு ஆரம்பிப்பாங்க, திருவிழா, மொட்டை, கல்யாணம்னு ஒரு கோர்ஸ தள்ளிப் போட சொல்வாங்க. கண்ணுக்கு தெரியாத மிச்சம் அதே வேகத்துல வளர்றதுதான், வெள்ளை அணு ஏறினதும் அடுத்த கோர்ஸ், ஒரு வாரம்கூட சும்மா விடக்கூடாது. திரும்ப வந்த பர்கிட்ட குணமாக்கறது ரொம்ப ரொம்ப கஷ்டம், முதல் தடவை கிடைக்கற வாய்ப்புதான் நல்ல வாய்ப்பு.

ஸ்டேஜ் 3

பெரியவங்க மார்பக கேன்சர், நுரையீரல் கேன்சர்ல கேட்ட ஸ்டேஜ் 3 இல்ல இது. குழந்தைங்க லிம்போமாவுக்கு தனி கணக்கு, வயித்துல முழுசா எடுக்க முடியாத கட்டின்னாலே ஸ்டேஜ் 3தான். சிகிச்சைக்கு ஏ, பி, சின்னு மூணு குரூப்பா பிரிப்போம், மஜ்ஜையும் மூளையும் சுத்தமா இருக்கற உங்க பையன் நடுவுல இருக்கற பி. நல்ல வசதி உள்ள இடங்கள்ல இந்த குரூப்ல 100 குழந்தையில 90 பேருக்கு மேல குணமாகறாங்க. எல்.டி.எச். ரிப்போர்ட்ல பக்கத்துல நார்மல் அளவு போட்டிருக்கும், அதவிட ரெண்டு மடங்குக்கு மேல இருக்கறவங்களுக்கு ரிட்டுக்சிமாப்னு இன்னொரு மருந்து சேர்த்தா நல்லதுன்னு 2020ல வந்த பெரிய பன்னாட்டு ஆய்வுல தெரிஞ்சுது: மஜ்ஜைக்கும் மூளைக்கும் பரவின குழந்தைங்களையும் சேர்த்து, மூணு வருஷம் கழிச்சு நோய் திரும்பாம நல்லா இருந்தவங்க வெறும் கீமோவுல 82 சதவீதம், ரிட்டுக்சிமாப் சேர்த்தா 94. பையனுக்கு அது சேருதான்னு கேளுங்க, நம்ம நாட்டுலயே தயாரிக்கறதால முன்ன மாதிரி விலை இல்ல. மஞ்சள் காமாலை பி வைரஸ் டெஸ்ட் பாத்துட்டுத்தான் கொடுக்கணும்.

இந்த எண்ணிக்கை வெளிநாட்டு ஆஸ்பத்திரிங்களோடது, இங்க அவ்வளவு வர்றதில்ல. லேட்டா வர்றது, எடை குறைஞ்சு வர்றது, காய்ச்சலுக்கு தாமதமா வர்றது, நடுவுல நிறுத்தறது, காரணம் பெரும்பாலும் இதுதான். இதுல பாதிக்கு மேல உங்க கையில இருக்கு. திரும்ப வந்தா பெரும்பாலும் முதல் வருஷத்துலயே வந்துடும், ரெண்டு வருஷம் தாண்டிட்டா குணம்னே சொல்லிடுவோம். கல்யாணம், குழந்தை பத்தி எழுதலன்னாலும் மனசுல இருக்கும்னு தெரியும், இந்த குரூப்புக்கு கொடுக்கற அளவுல பெரும்பாலான பையன்களுக்கு அது பாதிக்கறதில்ல.

இன்னைக்கு ராத்திரிக்குள்ள

வேற டாக்டர்கிட்ட கருத்து கேக்கறது உங்க உரிமை, ஆனா அதுக்கு பையன தூக்கிட்டு அலைய வேண்டாம். தண்ணி டெஸ்ட் பண்ண ஸ்லைடு, ஸ்கேன் சிடி, ரிப்போர்ட் காப்பி எல்லாம் எழுதிக் கொடுத்து கேளுங்க, ரிப்போர்ட் காப்பிய 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும்ங்கறது விதி. அத யாராவது சொந்தக்காரர் அடையாறுக்கோ வேலூருக்கோ ஜிப்மருக்கோ எடுத்துட்டுப் போகட்டும், இங்க முதல் ஏழு நாள் மருந்து ஓடிக்கிட்டே இருக்கட்டும். எந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு போனாலும் ஆரம்பம் கிட்டத்தட்ட இதேதான், அதனால எதையும் இழக்க மாட்டீங்க.

ஆஸ்பத்திரிய பத்தி மட்டும் ஒண்ணு உறுதி பண்ணிக்கோங்க. குழந்தைங்க கேன்சருக்குன்னு டாக்டர் இருக்காரா, ராத்திரியிலயும் ரத்த ரிசல்ட் வருமா, ஐசியூவும் டயாலிசிஸும் அங்கயே இருக்கா, மெத்தோட்ரெக்சேட் அளவு பாக்க முடியுமா. இல்லன்னு பதில் வந்தா இன்னைக்கே வேற இடத்துக்கு மாத்த சொல்லுங்க, அதுவும் டிரிப்ஸோட ஆம்புலன்ஸ்ல, பஸ்ல இல்ல. செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வருஷத்துக்கு குடும்பத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உதவும், அட்டை இருந்தா காலையில முதல் வேலையா அந்த கவுண்டருக்கு போங்க, இல்லன்னா யாரையாவது விட்டு உடனே விண்ணப்பிக்க சொல்லுங்க, மருந்து அதுக்காக காத்திருக்க வேண்டாம்.

உங்க வீட்டுக்காரர் பத்து நாள்ல வந்துடுவார். ஏழாம் நாள் ஸ்கேன் எடுத்து கட்டி எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு பாப்பாங்க, அஞ்சுல ஒரு பங்காவது குறையணும், குறையலன்னா கடுமையான குரூப்புக்கு மாத்துவாங்க. நிறைய குழந்தைக்கு அதவிட நல்லாவே குறைஞ்சிருக்கும். அவர் வந்து இறங்கும்போது இரண்டாவது கட்டம் ஆரம்பிச்சிருக்கும், ஒருவேளை அந்த டவுசர் பட்டனும் போட முடியும். ஸ்கேன்ல எத்தனை செ.மீ.ன்னு வந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க.